சிக்னல் முழுசாக இருக்கிறது, பேச்சு மட்டும் உடைகிறது: ரவுட்டர் எண்களை வைத்துப் பலவீனமான கண்ணியைப் பிடிக்கும் முறை

போனில் வைஃபை பட்டைகள் எல்லாம் நிறைந்திருக்கும். ஆனாலும் வீடியோ கால் நடுவில் நிற்கும், மாடியில் வகுப்பு கேட்கும் பிள்ளை "கட் ஆகுதும்மா" என்று கத்தும். அந்தப் பட்டைகள் சொல்வது ஒரே ஒரு விஷயம்தான்: பக்கத்தில் இருக்கும் வைஃபை பெட்டியின் குரல் போனுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பது. போனின் குரல் பெட்டிக்குக் கேட்கிறதா, அந்தப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் வழி நன்றாக இருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியாது.

வீட்டு இணையம் பல கண்ணிகள் கோத்த சங்கிலி. தெருவிலிருந்து வரும் ஃபைபர், அது வந்து சேர்ந்து ஒளியை மின் சிக்னலாக மாற்றும் ஓஎன்டி பெட்டி, அங்கிருந்து ரவுட்டருக்குப் போகும் கேபிள், ரவுட்டரிலிருந்து மாடி ரிப்பீட்டருக்குப் போகும் வைஃபை, அங்கிருந்து போனுக்கு இன்னொரு வைஃபை. எந்தக் கண்ணி இளைத்தாலும் கடைசியில் தெரிவது "நெட் ஸ்லோ" என்ற ஒரே புகார்தான். எது இளைத்தது என்று தெரியாமல் புது ரவுட்டர் வாங்குவதும், 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 300 ஆக்குவதும் வீண் செலவு. ரவுட்டரே தன் கணக்கை எழுதி வைத்திருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

இங்கே காட்டும் கட்டளைகள் ஓபன்வர்ட் என்ற திறந்த மென்பொருள் போட்ட ரவுட்டருக்கானவை. கணினியிலிருந்து ரவுட்டருக்குள் நுழைந்து கட்டளை தட்ட உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய்த் தட்ட வேண்டும். சேவை நிறுவனம் கொடுத்த பெட்டியாக இருந்தால் கட்டளை தட்ட முடியாமல் போகலாம். ஆனால் அதன் நிர்வாகப் பக்கத்திலும் ஃபைபரின் ஒளி அளவு, சிஸ்டம் லாக் போன்றவை பெரும்பாலும் இருக்கும். சில பெட்டிகளில் இணைந்திருக்கும் கருவிகளின் சிக்னல் அளவும் கிடைக்கும். படிக்கும் முறை ஒன்றுதான்.

முதலில் இந்த எண்கள் என்ன சொல்கின்றன

சிக்னல் அளவு டிபிஎம் என்ற அலகில், மைனஸ் குறியோடு வரும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் பலம், தள்ளிப் போனால் பலவீனம். -50 மிக நன்று. -67 வரை வீடியோ கால் தடங்கல் இல்லாமல் ஓடும். -75 தாண்டினால் தடுமாற்றம் தொடங்கும், -80க்குக் கீழே இணைப்பு பேருக்குத்தான் இருக்கும். இந்த அளவுகோலில் 3 குறைந்தால் சக்தி பாதியாகிறது, 10 குறைந்தால் பத்தில் ஒன்றாகிறது. அதனால் -70க்கும் -80க்கும் நடுவே இருப்பது சின்ன வித்தியாசம் அல்ல.

சிக்னலை விட எனக்கு அதிகம் உதவுவது மறுமுயற்சி எண்ணிக்கை. வைஃபையில் அனுப்பிய ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும், அல்லது சேர்த்து அனுப்பிய துண்டுக் கட்டுக்கும், எதிர்ப்பக்கம் "கிடைத்தது" என்று உடனே பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் அனுப்பியவர் கொஞ்சம் காத்திருந்து மறுபடி அனுப்புவார். ஒவ்வொரு முறை தோற்கும்போதும் காத்திருக்கும் எல்லை இரட்டிப்பாகும், வேகத்தையும் குறைத்துப் பார்ப்பார். ஒரு கட்டத்தில் போதும் என்று அந்தத் துண்டைக் கைவிடுவார். மறுபடி அனுப்பியது `tx retries` என்ற கணக்கிலும், கைவிட்டது `tx failed` என்ற கணக்கிலும் சேரும்.

இதில் ஒன்றை நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மறுமுயற்சி வெற்றி பெற்றால் மேலே இருக்கும் செயலிக்கு எந்த இழப்பும் தெரியாது, தாமதம் மட்டுமே தெரியும். அதனால்தான் ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் பிங் போட்டுப் பார்த்தால் இழப்பு 0 சதவீதம் என்று வரும், நேரம் மட்டும் 3 மில்லிவினாடி, 4, 160, 5, 210 என்று குதிக்கும். இழப்பு இல்லை, வைஃபை நன்றாக இருக்கிறது என்று அங்கேயே முடிவு கட்டுவது தவறு. குதிக்கும் நேரம்தான் மறுமுயற்சியின் தடம்.

மறுமுயற்சி ஒருபோதும் பூஜ்யமாக இருக்காது. எந்த வேகம் தாங்கும் என்று பார்க்க ரவுட்டர் அவ்வப்போது வேண்டுமென்றே அதிக வேகத்தில் அனுப்பிச் சோதிக்கும், அதில் சில தோற்கும். அனுப்பிய துண்டுகளில் 10 சதவீதம் வரை மறுமுயற்சி இருந்தால் நான் கண்டுகொள்வதில்லை. 30 தாண்டினால் காரணம் தேடுவேன். அதோடு `tx failed` எண்ணும் ஏறினால் அந்தக் கண்ணிதான் ஆள்.

இந்த எண்ணிக்கைகள் எல்லாம் கருவி இணைந்த நேரத்திலிருந்து கூடிக்கொண்டே போகும் மொத்தங்கள். காலையில் ரவுட்டர் பக்கத்தில் இருந்து சேர்த்த நல்ல கணக்கும், மாலையில் மாடியில் சேர்ந்த கெட்ட கணக்கும் அதில் கலந்து கிடக்கும். எனவே மொத்தத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. பிரச்சினை நடக்கும்போதே ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்துக் கழிக்க வேண்டும்:

```
iw dev
M=aa:bb:cc:dd:ee:ff
iw dev wlan0 station get $M
sleep 60
iw dev wlan0 station get $M
```

முதல் வரி உங்கள் ரவுட்டரில் வைஃபை முகப்பின் பெயர் என்ன என்று காட்டும். புதிய பதிப்புகளில் `wlan0` என்பதற்குப் பதில் `phy0-ap0` என்று இருக்கும். `M` என்பது சோதிக்க வேண்டிய கருவியின் மேக் முகவரி, அதாவது அந்தக் கருவியின் வைஃபை அடையாள எண். சில வைஃபை சிப்புகளின் டிரைவர் மறுமுயற்சியை எண்ணிச் சொல்வதே இல்லை. எவ்வளவு நேரம் ஓடினாலும் `tx retries: 0` என்றே நின்றால் அது ஆரோக்கியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்படிப்பட்ட பெட்டியில் `tx bitrate`, `rx bitrate` எண்கள் எவ்வளவு விழுகின்றன என்பதையும் பிங் நேரம் குதிப்பதையும் வைத்துத்தான் ஊகிக்க முடியும்.

அறிகுறி: வீடு முழுக்க நெட் போகிறது, வைஃபை மட்டும் இணைந்தே இருக்கிறது

இங்கே வைஃபையைத் தொடவே வேண்டாம். `logread` தட்டி, நெட் போன நேரத்தை ஒட்டிய வரிகளைப் பாருங்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து ரவுட்டர் நுழையும் பிபிபிஓஇ இணைப்பாக இருந்தால் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

```
pppd[2210]: No response to 5 echo-requests
pppd[2210]: Serial link appears to be disconnected.
pppd[2210]: Connection terminated.
pppd[3471]: Timeout waiting for PADO packets
```

ரவுட்டர் 5 முறை கேட்டும் அந்தப் பக்கம் பதில் இல்லை, இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி கதவைத் தட்டியது, அதற்கும் பதில் இல்லை என்று பொருள். ரவுட்டர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. அடுத்தது ஓஎன்டி பெட்டியின் பக்கத்தைத் திறந்து `Rx Power` பார்ப்பது. வீடுகளில் பரவலாக இருக்கும் ஜிபான் வகை ஃபைபரில், பி-பிளஸ் வகுப்பு ஓஎன்டி -8 முதல் -27 டிபிஎம் வரை படிக்கக் கூடியது. -18, -21 என்று இருந்தால் நிம்மதி. -26, -27 என்று எல்லையில் நின்றால் வெயிலோ காற்றோ கொஞ்சம் மாற்றினாலும் விழும். நெட் போன நேரத்தில் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளியே வரவில்லை.

ஒளி குறைந்ததற்கான காரணம் பாதி நேரம் வீட்டுக்குள்ளேயே இருக்கும். மெல்லிய ஃபைபர் ஒயரை டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் இறுக்கமாக மடித்திருப்பார்கள், அல்லது இணைப்பியின் முனையில் தூசி இருக்கும். பச்சை நிற இணைப்பியின் முனை சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீல நிறத்தினுடையது அப்படி அல்ல. இரண்டையும் கோத்தால் முனைகள் ஒட்டாமல் இடைவெளி விழுந்து ஒளி வீணாகும். ஒயரைப் பெரிய வளையமாகத் தளர்த்திவிட்டு `Rx Power` மாறுகிறதா என்று பாருங்கள். முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து மட்டும் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.

ஒளி அளவு நன்றாக இருந்தும் மேலே சொன்ன வரிகள் வந்தால், பழுது உங்கள் வாசலுக்கு வெளியே.

அறிகுறி: எவ்வளவு பெரிய திட்டம் போட்டாலும் 94 எம்பிபிஎஸ் தாண்டவில்லை

இது கேபிள். லாக்கில் `Link is Up - 100Mbps/Full` என்ற வரி இருக்கும். கிகாபிட் வேகத்துக்குக் கேபிளில் உள்ள நான்கு ஜோடிக் கம்பிகளும் வேலை செய்ய வேண்டும், 100க்கு இரண்டு ஜோடி போதும். ஒரு கம்பி விட்டாலே வேகம் 100க்கு இறங்கிவிடும், நெட் என்னவோ ஓடிக்கொண்டே இருக்கும். முனையை மறுபடி கிரிம்ப் செய்யுங்கள் அல்லது கேபிளை மாற்றுங்கள். சில பெட்டிகளின் போர்ட்டே 100தான், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: அவர்கள் பேசுவது நன்றாகக் கேட்கிறது, நான் பேசுவதுதான் அவர்களுக்கு உடைகிறது

இந்த அறிகுறியைத்தான் விரிவாகப் பார்க்க வேண்டும். இதில் சிக்னல் எண் ஒரு பக்கம் மட்டும் பார்ப்பவரை நன்றாக ஏமாற்றும்.

உறவினர் வீடு ஒன்று. கீழே ஹாலில் முக்கிய ரவுட்டர், மாடி அறையில் ரிப்பீட்டர், இரண்டும் ஓபன்வர்ட். இரண்டுக்கும் நடுவே 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, 80 மெகாஹெர்ட்ஸ் அகலம். நடுவில் ஒரு காங்கிரீட் தளம், அதோடு மாடி அறையில் ரிப்பீட்டருக்கு முன்னால் இரும்பு பீரோ. அக்கா மகள் மாடியில் ஆன்லைன் வகுப்பில் கேள்வி கேட்டால் ஆசிரியருக்குத் துண்டு துண்டாகத்தான் கேட்கும். ஆசிரியர் பேசுவது அவளுக்குத் தெளிவாகக் கேட்கும். போனில் பட்டைகள் நிறைந்திருந்தன, வேகச் சோதனையில் டவுன்லோடு 40 எம்பிபிஎஸ் வந்தது. அதனால் எல்லோரும் போனின் மைக்கைத்தான் குறை சொன்னார்கள்.

முதலில் போனுக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவே பார்த்தேன். ரிப்பீட்டரில் போனின் சிக்னல் -47, ஒரு நிமிடத்தில் மறுமுயற்சி 6 சதவீதம், கைவிட்டது ஏதுமில்லை. இந்தக் கண்ணியில் குற்றம் இல்லை.

அடுத்தது ரிப்பீட்டருக்கும் கீழ் ரவுட்டருக்கும் நடுவே. இதை இரண்டு முனைகளிலும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு பெட்டியில் தெரியும் `signal` என்பது எதிர்ப்பெட்டியின் குரல் தனக்கு எப்படிக் கேட்கிறது என்பது மட்டுமே. ரிப்பீட்டரில் நின்று பார்த்தால் கீழ் ரவுட்டர் -71 என்று கேட்டது. சுமார்தான், ஆனால் ஓடும். கீழ் ரவுட்டரில் நின்று பார்த்தால் ரிப்பீட்டர் -80 என்று கேட்டது. ஒருவர் மைக்கில் பேச, எதிரில் இருப்பவர் வெறும் தொண்டையில் பதில் சொல்வது போன்ற நிலைமை.

வகுப்பு நடக்கும்போதே ஒரு நிமிடக் கணக்கை இரு பக்கமும் எடுத்துக் கழித்தேன். கீழிருந்து மேலே 18,240 துண்டுகள், மறுமுயற்சி 3,100, கைவிட்டது 4. அதாவது மறுமுயற்சி 17 சதவீதம். மேலிருந்து கீழே 9,600 துண்டுகள், மறுமுயற்சி 6,720, கைவிட்டது 212. அதாவது 70 சதவீதம் மறுமுயற்சி, 2 சதவீதத்துக்கு மேல் நிஜ இழப்பு. கீழ் ரவுட்டரில் ரிப்பீட்டரின் `rx bitrate` இப்படி இருந்தது:

```
rx bitrate: 29.3 MBit/s VHT-MCS 0 80MHz VHT-NSS 1
```

80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இருப்பதிலேயே கடைசிப் படி அது. அதற்குக் கீழே இறங்க இடமில்லை, அதனால்தான் கைவிடுகிறது. ஆசிரியரின் குரல் மேலே வரும் வழி பரவாயில்லை, பிள்ளையின் குரல் கீழே இறங்கும் வழிதான் கிழிந்திருந்தது. புகாரும் எண்களும் அப்படியே பொருந்தின.

இனி ஏன் ஒரு பக்கம் மட்டும் மோசம்? இங்கே ஒரு சின்னக் கணக்கு நிறைய வேலையைச் செய்யும். ஒரே அலைவரிசையில் இரண்டு இடங்களுக்கு நடுவே சுவரும் தளமும் விழுங்கும் அளவு, போகும்போதும் வரும்போதும் ஒன்றுதான். `iw dev wlan0 info` தட்டினால் ஒவ்வொரு பெட்டியும் எவ்வளவு சக்தியில் அனுப்புகிறது என்று `txpower` வரியில் தெரியும். கீழ் ரவுட்டர் 23, ரிப்பீட்டர் 14. முதல் வரி கீழிருந்து மேலே, இரண்டாவது மேலிருந்து கீழே:

```
23 - (-71) = 94
14 - (-80) = 94
```

இரண்டு வழியிலும் இழப்பு 94 டிபி. கணக்கு நேராகிறது. அப்படியானால் எந்தப் பெட்டியிலும் ஆன்டெனா கோளாறு இல்லை. வழியில் தடை அதிகம், அதோடு ரிப்பீட்டர் மெதுவாகப் பேசுகிறது, அவ்வளவுதான். முன்பு இரண்டு பெட்டிகளும் ஒரே ஹாலில் இருந்தபோது யாரோ அதன் சக்தியைக் குறைத்து வைத்து, பிறகு மாற்றவில்லை.

இந்தக் கணக்கு நேராகாமல் இரண்டு பக்கத்துக்கும் 6, 8 டிபி வித்தியாசம் வந்திருந்தால் நான் பெட்டியையே சந்தேகப்பட்டிருப்பேன். அப்போது பார்க்க வேண்டியது சிக்னல் வரியில் அடைப்புக்குள் இருக்கும் எண்கள்:

```
signal: -64 [-64, -82] dBm
```

அடைப்புக்குள் இருப்பது ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் தனித்தனி அளவு. இரண்டும் ஐந்தாறு டிபிக்குள் இருப்பது இயல்பு. இங்கே போல 18 டிபி பள்ளம் இருந்து, எந்தக் கருவியைப் பார்த்தாலும் அதே ஆன்டெனாதான் கீழே கிடக்கிறது என்றால், உள்ளே அதன் ஒயர் கழன்றிருக்கிறது. சேர்த்துச் சொல்லும் -64 என்ற எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

சரி, அந்த வீட்டுக்கு வருவோம். முதலில் ரிப்பீட்டரின் சக்தியை 14இலிருந்து 20க்கு ஏற்றினேன். நாட்டுக் குறியீட்டை இந்தியா என்று சரியாக வைத்தால் சட்டம் அனுமதிக்கும் எல்லைக்குள் பெட்டியே நிறுத்திக்கொள்ளும். கீழே கேட்கும் அளவு -80இலிருந்து -74 ஆனது. மறுமுயற்சி குறைந்தது, ஆனாலும் 38 சதவீதத்தில் நின்றது.

அடுத்து அகலம். 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ரேடியோ கேட்கும்போது அத்தனை அகலத்தின் இரைச்சலும் உள்ளே வரும். அகலத்தைப் பாதியாக்கினால் இரைச்சல் 3 டிபி குறையும், 20க்கு இறக்கினால் 6 டிபி குறையும். உச்ச வேகம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் கடைசிப் படியில் தவழும் இணைப்புக்கு உச்ச வேகம் எதற்கு? 40 ஆக்கினேன். மறுமுயற்சி 24 சதவீதத்துக்கு வந்தது.

கடைசியாக, உண்மையில் முதலிலேயே செய்திருக்கக் கூடிய வேலை: ரிப்பீட்டரை அறையை விட்டு எடுத்து மாடிப்படி முடியும் இடத்தில் வைத்தோம். தளத்தையும் பீரோவையும் துளைத்துப் போக வேண்டிய அலை, படிக்கட்டுத் திறப்பு வழியாக இறங்கியது. இழப்பு 94இலிருந்து 82 ஆனது. ரிப்பீட்டரில் -59, கீழே -62. ஒரு நிமிடத்தில் மேலிருந்து கீழே 9,800 துண்டுகள், மறுமுயற்சி 880, கைவிட்டது ஒன்றும் இல்லை. 9 சதவீதம்.

இதில் ஒரு விஷயத்தை வீட்டார் நம்பச் சிரமப்பட்டார்கள். பிள்ளையின் போனில் சிக்னல் -47இலிருந்து -58க்கு இறங்கி, ஒரு பட்டை குறைந்திருந்தது. ஆனால் குரல் உடையவில்லை. பலரும் ரிப்பீட்டரைத் தாங்கள் போன் பயன்படுத்தும் இடத்திலேயே வைத்துவிடுவார்கள், பட்டை நிறைந்து தெரியும், பின்னால் இருக்கும் கண்ணி பட்டினி கிடக்கும். ரிப்பீட்டருக்குச் சரியான இடம் முக்கிய ரவுட்டர் இன்னும் -65க்குள் கேட்கும் கடைசி இடம். அதைத் தாண்டி உள்ளே தள்ளக் கூடாது.

அறிகுறி: சிக்னல் இரு பக்கமும் நன்று, ஆனாலும் மறுமுயற்சி அதிகம்

சிக்னல் -55, மறுமுயற்சி 45 சதவீதம் என்று வந்தால் தூரமோ சுவரோ காரணம் அல்ல, வேறு ஏதோ மேலே விழுந்து மோதுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில், அதுவும் அடுக்குமாடி வீடுகளில், இது மிகவும் சகஜம். சேனல் எவ்வளவு நெரிசல் என்று பார்க்க:

```
iw dev wlan0 survey dump
```

இதில் `[in use]` என்று குறித்த அலைவரிசையில் `channel active time`, `channel busy time` இரண்டையும் எடுங்கள். இவையும் கூடிக்கொண்டே போகும் எண்கள்தான், இடைவெளி விட்டு இரண்டு முறை எடுத்துக் கழிக்க வேண்டும். கேட்ட நேரத்தில் 70 சதவீதம் சேனல் பிஸி, அதில் உங்கள் ரவுட்டர் அனுப்பிய `channel transmit time` வெறும் 5 சதவீதம் என்றால் மீதி அடுத்தவர்களுடையது. `channel receive time` பெரிதாக இருந்தால் அது அதே சேனலில் இருக்கும் வைஃபை, பெரும்பாலும் அண்டை வீடுகள். சேனலை மாற்றலாம். பிஸி பெரிதாகவும் பெறுவதும் அனுப்புவதும் சிறிதாகவும் இருந்தால், வைஃபை என்று புரிந்துகொள்ள முடியாத ஏதோ ஒன்று காற்றை நிறைக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பு, ஒயர்லெஸ் கேமரா, அல்லது 3, 9 என்று ஒன்றன் மேல் ஒன்று ஏறும் சேனலில் யாரோ வைத்த ரவுட்டர். 2.4இல் 1, 6, 11 தவிர வேறு சேனலில் உட்காராமல் இருப்பது உங்களுக்கும் நல்லது, அண்டை வீட்டுக்கும் நல்லது. டிரைவருக்கு டிரைவர் இந்தப் பிரிப்பு கொஞ்சம் வேறுபடும். பிஸி சதவீதத்தை உறுதியாக எடுத்துக்கொண்டு, உள்பிரிப்பைத் துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே பக்கத்தில் `noise` என்ற எண்ணும் இருக்கும். -95 பக்கம் இருந்தால் அமைதி. -80க்கு ஏறியிருந்தால் ரவுட்டரின் யூஎஸ்பி 3 துளையில் பென்டிரைவோ ஹார்ட் டிஸ்க்கோ செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அதன் ஒயரிலிருந்து கசியும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் மேலேயே விழும். கழற்றிவிட்டு மறுபடி எண்ணைப் பாருங்கள்.

அறிகுறி: நன்றாக ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று துண்டிக்கிறது

இதற்கு லாக்தான் சாட்சி. எனக்கு அடிக்கடி கிடைக்கும் வரிகள் மூன்று.

`disconnected due to excessive missing ACKs` என்று வந்தால், தொடர்ந்து பதில் வராததால் ரவுட்டரே அந்தக் கருவியை வெளியேற்றியது. மறுமுயற்சிக் கணக்கின் கடைசிக் கட்டம் இது. அந்தக் கருவியின் சிக்னலை ரவுட்டர் பக்கமிருந்து பாருங்கள், பெரும்பாலும் -80ஐ ஒட்டி இருக்கும்.

`disassociated due to inactivity` பயப்பட வேண்டியதல்ல. போன் தூங்கியிருக்கும், அல்லது ஆள் வீட்டை விட்டுப் போயிருப்பார். இதைப் பழுது என்று துரத்தி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

`DFS-RADAR-DETECTED` என்றால் 5 கிகாஹெர்ட்ஸில் ரேடாருக்கும் பங்குள்ள சேனலில் இருக்கிறீர்கள், 52 முதல் 144 வரை உள்ளவை. ரேடார் என்று சந்தேகம் வந்தாலே ரவுட்டர் அந்தச் சேனலைக் காலி செய்ய வேண்டும், அரை மணி நேரம் திரும்பக் கூடாது. இன்னொரு ரேடார் சேனலுக்குப் போனால் பேசுமுன் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அந்த ஒரு நிமிடம்தான் உங்கள் துண்டிப்பு. 36 முதல் 48க்குள் நிரந்தரமாக வைத்துவிட்டால் தீர்ந்தது.

லாக் படிக்கும்போது இரண்டு விஷயங்கள். ஓபன்வர்ட் தன் லாக்கை நினைவகத்தில்தான் வைக்கிறது, ரவுட்டரை அணைத்தால் போய்விடும். நெட் நின்றவுடன் பிளக்கைப் பிடுங்கும் பழக்கம் சாட்சியையே அழித்துவிடும். முதலில் `logread > /tmp/log.txt` என்று எழுதி, கணினிக்கு நகல் எடுத்துவிட்டு அப்புறம் அணையுங்கள். இரண்டாவது, பல ரவுட்டர்களுக்குள் கடிகாரத்துக்குத் தனி பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்தால் இணையம் கிடைக்கும் வரை பழைய தேதியையே காட்டும். தேதி தாவும் இடம், கரண்ட் போய் வந்த இடம். யுபிஎஸ் இல்லாத வீட்டில் "இரவில் தானாகத் துண்டிக்கிறது" என்ற புகாரில் இந்தத் தாவலைத்தான் முதலில் தேடுவேன்.

வெளியே உள்ள பழுது என்று உறுதியானால், வாடிக்கையாளர் சேவைக்குச் சொல்ல வேண்டியது "நெட் ஸ்லோ" அல்ல. ஓஎன்டியின் `Rx Power` எண், அது எந்த நேரத்தில் எடுத்தது, `No response to 5 echo-requests` வந்த நேரங்கள், அந்த நேரத்தில் கேபிள் போட்ட கணினியிலும் நெட் இல்லை என்ற உறுதி. இந்த நான்கும் கையில் இருந்தால், ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லும் முதல் கட்டத்தைத் தாண்டி, ஒளி அளக்கும் கருவியோடு ஆள் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். வந்தவர் போகும் முன் `Rx Power` எண்ணை உங்கள் கண்ணாலேயே மறுபடி பாருங்கள். -27 என்று இருந்தது -20 பக்கம் வந்திருக்க வேண்டும். -26 என்று விட்டுப் போனால் அடுத்த மழைக்கு மறுபடி அவரைக் கூப்பிட வேண்டியிருக்கும்.